எந்த டாலரன்ஸ், எந்தச் சால்வர்? பேட்டரி செல் மாடலைக் கைமாற்றும் குறிப்பு

இந்தச் செல் மாடலை இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். சமன்பாடுகளும் அளவுகளும் கோப்பிலேயே இருக்கின்றன, அவற்றை இங்கே விளக்கப் போவதில்லை. கோப்பைப் படித்தால் தெரியாத விஷயம் வேறு: `solve_ivp` கேட்கும் `rtol`, `atol`, `max_step`, `method` ஆகியவற்றில் எதைப் போடுவது, அப்புறம் வந்த விடையை எதை வைத்து நம்புவது. நம்மிடம் சில வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒரே கணக்கில் ஓட்டிப் பார்த்து, நான் எதை எடுப்பேன், எதை ஒதுக்குவேன் என்று எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு மிகச் சின்னது. ஒரு 18650 செல். அதற்கு மூன்று ஸ்டேட்: சார்ஜ் நிலை (0 முதல் 1 வரை), RC கிளையின் மின்னழுத்தம் V1, செல்லின் வெப்பநிலை T. கொள்ளளவு 2.5 ஆம்பியர்-மணி, அதாவது 9000 கூலோம். R0 20 மில்லி ஓம், R1 10 மில்லி ஓம், C1 2000 ஃபாரட். செல்லின் எடை 46 கிராம், வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 900 ஜூல். எனவே ஒரு கெல்வின் சூடேற்ற 41.4 ஜூல் வேண்டும். வெளிப்பரப்பு சுமார் 42 சதுர சென்டிமீட்டர். அசையாத காற்றில் சதுர மீட்டருக்கு 10 வாட் என்று வைத்தால், ஒரு கெல்வின் வித்தியாசத்துக்கு 0.042 வாட் வெளியே போகும்.

சோதனை இது. செல் அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறது. 3600-வது விநாடியில் 30 ஆம்பியர் பல்ஸ், 10 விநாடிக்கு. அதன் பிறகு 7200-வது விநாடி வரை மறுபடி ஓய்வு. கேள்வி: செல் எவ்வளவு சூடாகும்?

ஓட்டுவதற்கு முன் காகிதக் கணக்கு

இதைச் சால்வரைத் தொடுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். விடையைப் பார்த்த பிறகு போட்டால், கை தானாகவே அந்த விடையை நோக்கிப் போய்விடும்.

30 ஆம்பியரை 10 விநாடிக்கு எடுத்தால் 300 கூலோம். 9000-இல் 300 என்றால் சார்ஜ் நிலை 0.0333 இறங்க வேண்டும். R0-வில் எரிவது 30 × 30 × 0.02 = 18 வாட், 10 விநாடிக்கு 180 ஜூல். RC கிளையின் நேர மாறிலி 20 விநாடி. பல்ஸ் முடியும்போது V1 = 0.3 × (1 − e^(−0.5)), அதாவது 0.118 வோல்ட். R1-இல் பல்ஸ் நடக்கும்போது எரிவது 5 ஜூல் சொச்சம்தான். ஆனால் C1-இல் தேங்கியிருக்கும் 14 ஜூல் பல்ஸ் நின்ற பிறகு மெதுவாக R1 வழியே எரியும்.

ஆக, பல்ஸ் முடியும் கணத்தில் ஏற்றம் 185 / 41.4, வெளியே போன சொற்பத்தைக் கழித்தால் 4.45 கெல்வின். அதற்குப் பிறகும் வெப்பநிலை கொஞ்சம் ஏறும். பல்ஸ் நின்று சுமார் 20 விநாடி கழித்து R1-இல் எரியும் வாட்டும் காற்றுக்குப் போகும் வாட்டும் சமமாகும். உச்சம் அங்கேதான், 4.65 கெல்வின் அளவில். பிறகு 986 விநாடி நேர மாறிலியோடு ஆறிக்கொண்டே போய், 7200-இல் அறையைவிட சுமார் 0.13 கெல்வின் மேலே நிற்கும்.

உச்சம் பல்ஸ் முடிந்த *பிறகு* வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் உச்சம் சரியாக 3610-இல் இருந்தால், V1 வெப்பத்தை யாரோ சமன்பாட்டில் சேர்க்க மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெப்பநிலை எண் 4.33 என்று பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வடிவம்தான் காட்டிக்கொடுக்கும்.

முதல் வழி: எதையும் தொடாமல் ஓட்டுவது

```python
sol = solve_ivp(cell, (0, 7200), y0)
print(len(sol.t), sol.nfev)
```

சைபையின் இயல்பு மதிப்புகள்: `method` RK45, `rtol` 1e-3, `atol` 1e-6, `max_step` முடிவிலி. ஓட்டினால் 12, 68 என்று அச்சாகும். `success` True. வெப்பநிலை 7200 விநாடி முழுக்க நேர்க்கோடு. 4.65 எங்கேயும் இல்லை. பல்ஸே நடக்கவில்லை.

இதற்குப் பிழைச்செய்தி ஏதும் வராது. ஏன் என்று புரிந்துகொள்ள அந்த 12-ஐயும் 68-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் செல் சமநிலையில் இருப்பதால் எல்லா வகைக்கெழுவும் துல்லியமாகப் பூஜ்யம். அப்படி இருக்கும்போது சைபை முதல் ஸ்டெப்பை 1e-6 விநாடி என்று எடுக்கிறது. அதில் பிழை பூஜ்யம். பிழை பூஜ்யமென்றால் அடுத்த ஸ்டெப்பைப் பத்து மடங்காக்கலாம் என்பது விதி. 1e-6, 1e-5 என்று ஏறி, பத்தாவது ஸ்டெப் 1000 விநாடி ஆகிறது. அது முடியும்போது கடிகாரம் 1111-இல் நிற்கிறது. அடுத்தது 10,000 விநாடி போகலாம், ஆனால் 7200-இல் கணக்கு முடிவதால் அங்கே வெட்டப்படுகிறது. மொத்தம் 11 ஸ்டெப், தொடக்கப் புள்ளியோடு 12. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஆறு முறை சமன்பாடு கூப்பிடப்படுகிறது, தொடங்கும்போது இரண்டு முறை. 6 × 11 + 2 = 68.

அந்தக் கடைசி ஸ்டெப் 1111-இலிருந்து 7200 வரை. அதன் உள்ளே RK45 சமன்பாட்டைக் கேட்கும் நேரங்கள் ஏறக்குறைய 2329, 2938, 5982, 6523, 7200. 3600-க்கும் 3610-க்கும் இடையே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் என்ன நடந்தது என்று சால்வருக்குத் தெரிய வழியே இல்லை.

இது சைபைக்கு மட்டுமான கதை என்று நினைக்க வேண்டாம். மேட்லாபின் `ode45` ஒரு ஸ்டெப்பை மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாது, இங்கே அது 720 விநாடி. சிமுலிங்க் ஐம்பதில் ஒரு பங்கு, 144 விநாடி. 10 விநாடிப் பல்ஸுக்கு இரண்டுமே போதாது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு புள்ளி பல்ஸில் விழும், இல்லையென்றால் இல்லை.

இரண்டாவது வழி: டாலரன்ஸை இறுக்குவது

பெரும்பாலானவர்களின் கை முதலில் இதற்குத்தான் போகும். `rtol` 1e-3 வேலை செய்யவில்லையா, 1e-6 போடு, அதுவும் இல்லையா, 1e-10 போடு. இந்தக் கணக்கில் எதைப் போட்டாலும் அதே 11 ஸ்டெப், அதே 68. பூஜ்யப் பிழையை எந்த டாலரன்ஸால் வகுத்தாலும் பூஜ்யம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டாலரன்ஸை இறுக்கி ஓட்டி, விடை மாறவில்லை என்றால் கணக்குச் சரி என்று எல்லோரும் சொல்லித் தருவோம். இங்கே விடை கடைசி இலக்கம் வரை மாறவில்லை! ஒரு மூத்தவரிடம் காட்டினால்கூட அறிக்கையில் கையெழுத்து போட்டுவிடுவார். உண்மையிலேயே ஒருங்கும் கணக்கில் 1e-4-க்கும் 1e-6-க்கும் நடுவே நான்காவது ஐந்தாவது இலக்கத்தில் ஏதாவது அசையும், `nfev` நிச்சயம் கூடும். இரண்டும் அசையவே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். அதனால்தான் ஓட்டப் பதிவில் விடையோடு `nfev`-ஐயும் எழுதி வைக்கும் வரியைச் சேர்த்திருக்கிறேன். அதைத் தூக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, `t_eval`. விநாடிக்கு ஒரு புள்ளி கேட்டிருக்கிறேனே, பல்ஸ் எப்படித் தப்பும் என்று ஒருவர் கேட்பார். `t_eval` ஸ்டெப்பை மாற்றாது. சால்வர் தன் போக்கில் தாண்டிப் போன பிறகு, நடுவில் இடைக்கணிப்பு செய்து 7201 எண்களைத் தரும். வரைபடம் அடர்த்தியாகத் தெரியும், உள்ளே இருப்பது 11 ஸ்டெப்தான். சொல்லப்போனால் `t_eval` கொடுத்தால் `len(sol.t)`-ஐப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழியும் போய்விடுகிறது. மிஞ்சுவது `nfev` மட்டுமே.

மூன்றாவதும் நான்காவதும்: ஸ்டெப்புக்கு உச்சவரம்பா, நேரத்தைத் துண்டாக்குவதா?

`max_step=5` போட்டால் பல்ஸ் தப்பவே முடியாது, ஏனென்றால் 10 விநாடிக்குள் குறைந்தது ஒரு முழு ஸ்டெப்பாவது விழுந்தாக வேண்டும். விலை என்னவென்றால் ஒன்றுமே நடக்காத ஓய்வு நேரத்திலும் 5 விநாடிக்கு ஒரு ஸ்டெப், மொத்தம் 1440-க்கு மேல். ஒரு செல்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நூறு செல் கொண்ட பேக்கை ஆயிரம் தடவை ஓட்டும்போது உறுத்தும். தவிர, பல்ஸின் விளிம்பு ஒரு ஸ்டெப்பின் நடுவில் வரும்போது சால்வர் ஸ்டெப்பை நிராகரித்து, சுருக்கி, மறுபடி முயன்று தட்டுத்தடுமாறித்தான் கடக்கும். கடந்துவிடும், ஆனால் அந்த இடத்தில் அதன் பிழை மதிப்பீடு நம்பகமானதில்லை. வழுவழுப்பான சார்பு என்ற அனுமானத்தில்தான் அந்த மதிப்பீடே நிற்கிறது.

துண்டாக்குவது இப்படி, இங்கே `cell` மின்னோட்டத்தை மூன்றாவது உள்ளீடாக வாங்கும்:

```python
y = y0
for t0, t1, I in [(0, 3600, 0), (3600, 3610, 30), (3610, 7200, 0)]:
    sol = solve_ivp(cell, (t0, t1), y, args=(I,),
                    rtol=1e-6, atol=[1e-5, 1e-5, 1e-3])
    y = sol.y[:, -1]
```

ஒவ்வொரு துண்டிலும் மின்னோட்டம் மாறிலி, எனவே சால்வருக்கு விளிம்பே கண்ணில் படாது. மின்னோட்டத்தை `args` வழியாகக் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. `cell` சார்பின் உள்ளே `if 3600 <= t < 3610` என்று எழுதி நேரத்தை மட்டும் துண்டாக்கினால், இரண்டாவது துண்டின் கடைசிப் புள்ளியான 3610-இல் மின்னோட்டம் பூஜ்யம் என்று சார்பு பதில் சொல்லும். சால்வர் அதைக் கடைசி ஸ்டெப்பில் கணக்கில் எடுத்து மறுபடி தடுமாறும். ஒரு புள்ளிதானே என்று விடாதீர்கள்.

பல்ஸ் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நான் எப்போதும் துண்டாக்குவேன். நேரம் தெரியாது, வெப்பநிலை 60-ஐத் தொட்டால் மின்னோட்டத்தை வெட்டு என்பது போன்ற கட்டுப்பாடு இருந்தால், `events` கொடுத்து `terminal` ஆக்கி அங்கே நிறுத்தித் தொடருங்கள். `max_step`-ஐ நான் வைத்திருப்பது ஒரே ஒரு இடத்துக்கு: வேறு யாரோ தந்த மின்னோட்டக் கோப்பு, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை, முதல் ஓட்டம். அந்த நேரத்தில் கோப்பில் உள்ள மிகக் குறுகிய நிகழ்வின் பாதியை `max_step` ஆகப் போட்டு ஓட்டலாம்.

எண்களை எங்கிருந்து எடுத்தேன்

மேலே உள்ள `rtol=1e-6`-உம் மூன்று `atol` மதிப்புகளும் வானத்திலிருந்து வந்தவை இல்லை. சால்வர் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் இவ்வளவு பிழை போகலாம் என்று வைத்துக்கொள்ளும் அளவு இது:

```
atol + rtol * |y|
```

இயல்பு மதிப்புகளை வைத்து நம் மூன்று ஸ்டேட்டுக்கும் போட்டுப் பாருங்கள். T கெல்வினில் 298. அதன் ஆயிரத்தில் ஒன்று 0.3 கெல்வின். நாம் தேடும் மொத்த ஏற்றமே 4.65. ஒரே ஸ்டெப்பில் அதில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு தவற அனுமதி கொடுத்துவிட்டோம். அதே நேரம், ஓய்வில் பூஜ்யத்தை நோக்கி வரும் V1-க்கு அனுமதி ஒரு மைக்ரோவோல்ட். அதை அளக்கும் கருவி நம் ஆய்வகத்தில் கிடையாது, ஆனாலும் சால்வர் அதைத் துரத்திக்கொண்டிருக்கும்.

கெல்வினுக்குப் பதில் செல்சியஸில் எழுதியிருந்தால் 25-இன் ஆயிரத்தில் ஒன்று, 0.025. அறை வெப்பநிலையிலிருந்து ஏற்றம் என்று எழுதியிருந்தால் உச்சத்தில் 0.005-க்கும் கீழே. இயற்பியல் ஒன்றுதான், எந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதை வைத்து டாலரன்ஸ் அறுபது மடங்கு மாறுகிறது. எனக்கு ஏற்றத்தை ஸ்டேட்டாக வைப்பதுதான் பிடிக்கும். ஆனால் இந்தக் கோப்பில் மற்ற தொகுதிகள் கெல்வினை எதிர்பார்க்கின்றன. அதனால் T-ஐ விட்டுவைத்து `rtol`-ஐ 1e-6 ஆக்கினேன். 298-க்கு அது 0.0003, தொந்தரவு இல்லை.

`atol`-க்கு என் வழக்கம், அறிக்கையில் எந்த இலக்கம் வரை எழுதப் போகிறோமோ அதில் நூறில் ஒரு பங்கு. வெப்பநிலையை 0.1 கெல்வின் வரை சொல்கிறோம், எனவே 1e-3. மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் வரை, எனவே 1e-5. சார்ஜ் நிலை 0.1 சதவீதம் வரை, அதுவும் 1e-5. நூறில் ஒன்று ஏன் என்றால், டாலரன்ஸ் என்பது ஒரு ஸ்டெப்பின் பிழைக்கான வரம்பு, முழு ஓட்டத்தின் பிழைக்கானது இல்லை. நூற்றுக்கணக்கான ஸ்டெப்பில் அது சேரும். ஆறிக்கொண்டே வரும் நம் செல்லில் பழைய பிழைகளும் சேர்ந்தே ஆறிவிடும், எனவே நூறு தாராளம். தானே சூடேறிக்கொண்டு போகும் தெர்மல் ரன்அவே கணக்கில் கதை தலைகீழ், அங்கே சின்னப் பிழை வளரும். அதற்கு இந்த எண்களை அப்படியே தூக்கிப் போகாதீர்கள்.

இதைவிட இறுக்குவதில் லாபம் இருக்கிறதா? வெப்பநிலையை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள், முதல் வகுப்பாக இருந்தாலே ±1.5 டிகிரி. காற்றுக்கு நான் வைத்த 10 வாட் என்பது ஓர் ஊகம், 7 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். இவற்றின் நடுவே 1e-12 போட்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உண்மையான தேவை இருக்கிறது. சோதனைத் தரவோடு பொருத்தி R1, C1 கண்டுபிடிக்கும்போது `least_squares` ஒவ்வொரு அளவுருவையும் நூலிழை அசைத்து, விடை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கிறது. அந்த அசைவு இயல்பாக 1.5e-8 பங்கு. சால்வர் விடையில் 1e-5 இரைச்சல் இருந்தால், அசைவால் வந்த மாற்றம் அதில் மூழ்கிப்போய், கிடைக்கும் சாய்வு வெறும் குப்பை. பொருத்தம் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். `diff_step=1e-3` என்று அசைவைப் பெரிதாக்குவது மலிவான வழி. அதோடு `rtol`-ஐ 1e-8 ஆக்கிவிட்டால் நிம்மதி.

பேக் மாடலுக்குப் போகும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சைபை ஸ்டேட்டுகளின் பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்பதில்லை. எல்லாவற்றையும் வர்க்க சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கித்தான் ஸ்டெப்பை ஏற்கிறது. 100 செல், 300 ஸ்டேட் இருந்து, 99 செல் அமைதியாக, ஒன்று மட்டும் சூடாகிக்கொண்டிருந்தால், அந்த ஒன்றின் வெப்பநிலைப் பிழை அனுமதியைப் போல் 17 மடங்கு வரை போகலாம். நமக்கு வேண்டியதே அந்த ஒரு செல்லின் வெப்பநிலைதான்! பேக்கில் T-க்கான `atol`-ஐயும் `rtol`-ஐயும் பத்து மடங்கு இறுக்கியிருப்பது இதற்காகத்தான்.

RK45-ஐ எப்போது விடுவது?

இங்கே சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இப்போதுள்ள மாடலில் மிக வேகமான நேர மாறிலி 20 விநாடி. RK45-இன் ஸ்டெப் அதைப் போல் சுமார் 3.3 மடங்கைத் தாண்டினால் நிலைகுலையும், எனவே ஓய்வில் 66 விநாடி ஸ்டெப் போகலாம். போதும். நாளைக்கு யாராவது 0.05 விநாடி நேர மாறிலியோடு இரண்டாவது RC கிளையைச் சேர்ப்பார்கள். அப்போது உச்சம் 0.165 விநாடி, இரண்டு மணி நேரத்துக்கு 40,000-க்கு மேல் ஸ்டெப். இதைத்தான் ஸ்டிஃப் என்கிறோம். கண்டுபிடிக்க எளிய வழி: `rtol`-ஐ 1e-6-இலிருந்து 1e-3-க்குத் தளர்த்துங்கள். `nfev` அசையாமல் அப்படியே பெரிய எண்ணாக நின்றால், ஸ்டெப்பைத் துல்லியம் கட்டுப்படுத்தவில்லை, நிலைத்தன்மை கட்டுப்படுத்துகிறது. உடனே மாற்றுங்கள்.

எதற்கு மாற்றுவது? நீண்ட, வழுவழுப்பான ஓட்டமென்றால் `BDF` அல்லது `LSODA`. நிறையத் துண்டு இருந்தால் `Radau`. BDF பழைய ஸ்டெப்புகளின் நினைவை வைத்து நடப்பது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் அந்த நினைவு அழிந்து, முதல் வரிசையிலிருந்து தவழ ஆரம்பிக்கும். விநாடிக்கு ஒரு முறை மின்னோட்டம் மாறும் 1800 விநாடி டிரைவ் சைக்கிளில் BDF-இன் வாழ்க்கையே தவழ்வதில் போய்விடும். Radau-வுக்கு நினைவு தேவையில்லை, ஒரு ஸ்டெப் கொஞ்சம் கனமானது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பல்ஸைத் தாண்டிப் போகும் நோய்க்கு `method` மாற்றுவது மருந்தில்லை. எந்த முறையும் தான் கேட்ட நேரங்களை மட்டுமே அறியும்.

எந்தச் சரிபார்ப்பு எதைப் பிடிக்கும்

நம் குழுவில் அதிகம் நம்பப்படுவது ஆற்றல் சமநிலை. உருவான வெப்பம், வெளியேறிய வெப்பம் இரண்டையும் கூடுதல் ஸ்டேட்டாகச் சேர்த்து, செல்லில் தங்கிய வெப்பம் இரண்டின் வித்தியாசத்துக்குச் சமமா என்று பார்ப்பது. 1e-13 அளவில் பொருந்தினால் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை நான் பாதியாகக் குறைக்கப் போகிறேன். T-ஐயும் இந்த இரண்டு கூடுதல் ஸ்டேட்டையும் மாறிலிகளால் பெருக்கிக் கூட்டினால் எப்போதும் ஒரே எண் வருகிறது என்றால், அது நேரியல் பாதுகாப்பு விதி. ரங்கே-குட்டா முறைகள் எல்லாம் அப்படிப்பட்ட விதியைத் தாமாகவே காப்பாற்றும், ஸ்டெப் எவ்வளவு பெரியதாக, விடை எவ்வளவு தவறாக இருந்தாலும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் உருவான வெப்பத்தைத் தப்பாகக் கூட்டினால், அதே தப்பு வெப்பநிலையிலும் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பும், கணக்கு பொருந்தும். பல்ஸைத் தவறவிட்ட ஓட்டத்தில் இந்தச் சமநிலை மிக அழகாகப் பொருந்தியது: பூஜ்யம் சமம் பூஜ்யம்.

அப்படியென்றால் அது வீணா? இல்லை. சமன்பாட்டில் குறி மாறியிருந்தால், ஒரு வெப்பப் பகுதி ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால், உடனே காட்டும். நான் இன்னும் ஓட்டுகிறேன். ஆனால் அது *குறியீட்டுக்கான* சோதனை. டாலரன்ஸ் போதுமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. வேதியியல் வினைக் கணக்குகளில் மொத்த நிறை மாறவில்லை என்று காட்டி டாலரன்ஸை நியாயப்படுத்தும் அறிக்கைகள் வரும், அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

டாலரன்ஸைச் சோதிக்க, சால்வருக்குள் போய் வராத ஓர் எண் வேண்டும். நம்மிடம் அது கைவசம் இருக்கிறது: உள்ளீட்டு மின்னோட்டக் கோப்பு. அதைத் தனியாக, சால்வர் இல்லாமல், நேரடியாகக் கூட்டுங்கள். 300 கூலோம். சார்ஜ் நிலை எவ்வளவு இறங்கியது என்று பார்த்து 9000-ஆல் பெருக்குங்கள். அதுவும் 300 வர வேண்டும். முதல் வழியில் ஓட்டிய கணக்கு இங்கே கையும் களவுமாகப் பிடிபடும், ஏனென்றால் அது பூஜ்யம் என்று சொல்லும். இரண்டு வரி நிரல், ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் தானாக நடக்கும்படி வைத்திருக்கிறேன். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் ஓட்டம் நின்றுவிடும்.

இதுவும் எல்லாவற்றையும் பிடிக்காது. சார்ஜ் நிலையின் சமன்பாட்டில் மின்னோட்டம் மட்டுமே இருக்கிறது. T-யின் டாலரன்ஸ் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் 300 சரியாகவே வரும். T-க்கு வேண்டியது `rtol` ஒப்பீடு: 1e-4, 1e-6, 1e-8 என்று மூன்று ஓட்டம், உச்ச வெப்பநிலையை மட்டும் பாருங்கள். வித்தியாசம் படிப்படியாகச் சுருங்க வேண்டும், `nfev` படிப்படியாகக் கூட வேண்டும். உச்சத்தைப் படிக்கும்போது துண்டுகளின் முனையை மட்டும் பார்த்தால் 4.45-தான் கிடைக்கும், 4.65 மூன்றாவது துண்டின் உள்ளே இருக்கிறது. அங்கே `dense_output=True` கொடுத்து, விநாடிக்கு ஒரு புள்ளி எடுங்கள்.

வித்தியாசம் சுருங்காமல் ஒரே அளவில் ஊசலாடினால், சமன்பாட்டுக்குள் எங்கோ ஒரு முறிவு ஒளிந்திருக்கிறது. நான் முதலில் பார்க்கும் இடம் அட்டவணைகள். R0 இப்போது மாறிலி, ஆனால் அடுத்த பதிப்பில் வெப்பநிலையோடு மாறும் அட்டவணையாக வரப் போகிறது. நேர்க்கோட்டு இடைக்கணிப்பில் ஒவ்வொரு அட்டவணைப் புள்ளியும் ஒரு முனை, சால்வர் ஒவ்வொன்றிலும் தடுக்கும். `PchipInterpolator` போட்டால் முனைகள் மழுங்கும், மதிப்புகளும் அட்டவணையை மீறித் துள்ளாது. கியூபிக் ஸ்ப்ளைன் வேண்டாம். அது இரண்டு புள்ளிக்கு நடுவே மின்தடையை எதிர்மறையாகக்கூடக் கொண்டுபோகும்.

அந்த அட்டவணை வந்த பிறகு மேலே போட்ட காகிதக் கணக்கு அப்படியே செல்லாது. R0-வை 25 டிகிரி மதிப்பில் நிறுத்தி ஒரு முறை ஓட்டுங்கள், 4.65 வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு அட்டவணையை இணைத்து ஓட்டினால், வரும் வித்தியாசம் முழுக்க அட்டவணையால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த இரண்டு ஓட்டத்துக்கும் உரிய அமைப்புகளை `tests` அடைவில் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். இயல்பு மதிப்புகளோடு பல்ஸைத் தவறவிடும் ஓட்டமும் அங்கே இருக்கிறது. அது தோற்க வேண்டிய சோதனை. என்றைக்காவது அது தேறிவிட்டால், கூலோம் சரிபார்ப்பை யாரோ அணைத்துவிட்டார்கள்.